பூனையின் மூக்கு: காய்ந்தால், ஒழுகினால், நிறம் மாறினால் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவர் இல்லை. பல வருடமாக வீட்டில் பூனை வளர்க்கிறேன், தெருவில் கிடக்கும் குட்டிகளையும் அவ்வப்போது தூக்கி வந்து தேற்றிவிடுகிறேன். புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன்.

மூக்கு காய்ந்து போயிருக்கு. காய்ச்சலா?

பெரும்பாலும் இல்லை. பூனையின் மூக்கு ஒரே நாளில் நாலைந்து தடவை காயும், நாலைந்து தடவை ஈரமாகும். மூக்குக்குள் இருக்கும் சுரப்பிகள் கொஞ்சம் நீர் விடும், கண்ணீரும் ஒரு சின்னக் குழாய் வழியாக மூக்குக்குள் இறங்கும், அப்புறம் பூனை தானே நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொண்டே இருக்கும். இந்த மூன்றில் எது குறைந்தாலும் மூக்கு காய்ந்துவிடும். தூங்கும்போது நக்காது, அதனால் தூங்கி எழுந்த பூனையின் மூக்கு காய்ந்துதான் இருக்கும். ஜன்னல் வெயிலில் படுத்த பூனை, மின்விசிறிக்கு நேர் கீழே படுத்த பூனை, ஏசி அறையில் ராத்திரி முழுக்கக் கிடந்த பூனை, எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எங்கள் வீட்டு வரிப்பூனையை ஒருநாள் வேலையற்றுப் போய் கவனித்தேன். காலை ஆறு மணிக்குச் சாப்பிட்டு முகம் கழுவியபோது மூக்கு சில்லென்று ஈரம். மதியம் மாடிப்படியில் வெயிலில் சுருண்டு கிடந்தபோது தொட்டால் காகிதம் மாதிரி, கொஞ்சம் சூடாகவும் இருந்தது. எழுந்து தண்ணீர் குடித்த பத்தாவது நிமிடம் மறுபடி ஈரம். மதியம் மட்டும் தொட்டுப் பார்த்திருந்தால் காய்ச்சல் என்று நினைத்துக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. "மூக்கு ஈரமா இருக்கு, அதனால ஒண்ணும் இல்லை" என்று விட்டுவிடுவார்கள். சளி பிடித்த பூனைக்கு மூக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், அதைவிட ஈரமான மூக்கு வேறு எங்கே கிடைக்கும்? சிறுநீரகம் கெட்டுப்போன கிழட்டுப் பூனைக்கும் மூக்கு ஈரமாகவே இருக்கலாம். ஈரமா காய்ந்ததா என்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

காய்ந்திருப்பதோடு மூக்கு வெடித்து, தோல் தடித்து, பொருக்கு தட்டி, வாரக்கணக்கில் அப்படியே இருந்தால் அது வேறு விஷயம். அதைக் கீழே புண் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அப்போ காய்ச்சலை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

தெர்மாமீட்டர்தான், வேறு வழி கிடையாது. மருந்துக் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும், ஆனால் பூனைக்கென்று தனியாக ஒன்று வாங்கி அதன்மேல் பேனாவால் எழுதி வையுங்கள் (ஏன் என்று இப்போது புரியும்). நுனியில் வாசலின் தடவி, ஆசனவாயில் ஒரு அங்குலத்துக்கும் குறைவாக, மெதுவாக உள்ளே விட வேண்டும். ஒருவர் பூனையைத் துண்டில் சுற்றித் தலைப்பக்கம் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் வாலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தனி ஆளாக முயன்றால் கையில் கோடு விழும். மிகவும் திமிறினால் விட்டுவிடுங்கள், அடம்பிடித்து உள்ளே குத்திவிடக் கூடாது.

நல்ல பூனைக்கு 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும். நமக்கு 101 என்றால் படுத்துவிடுவோம், பூனைக்கு அது சாதாரணம். பயந்துபோன பூனைக்கு 103 வரை ஏறலாம், அதனால் அரை மணி நேரம் விட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் 103-க்கு மேல் நின்றால் காய்ச்சல். 104 என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ரொம்பப் பேருக்குத் தெரியாதது, குறைந்தாலும் ஆபத்து என்பது. சோர்ந்து கிடக்கும் பூனைக்கு 99-க்குக் கீழே வந்தால் அது காய்ச்சலைவிட மோசம், உடம்பு தளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். துணியில் சுற்றிக் கதகதப்பாக வைத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நெற்றியில் காட்டினால் எண் தெரியும் துப்பாக்கி தெர்மாமீட்டர் பூனைக்கு உதவாது. முடியின் சூட்டைத்தான் அது காட்டும்.

தும்மிக்கிட்டே இருக்கு, மூக்குல தண்ணி மாதிரி ஒழுகுது. பயப்படணுமா?

ஒரு தடவை, இரண்டு தடவை தும்முவதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், தாளிக்கும்போது வரும் மிளகாய் நெடி, அடுத்த வீட்டில் சுண்ணாம்பு அடிக்கும் தூசி, இவை எதற்கும் பூனை தும்மும். நெடி போனால் தும்மலும் போய்விடும். காலையில் மூக்கோரம் காய்ந்து ஒட்டியிருக்கும் பழுப்பு நிறப் பொடியும் இந்தக் கணக்குதான், கண்ணீரும் தூசியும் சேர்ந்து காய்ந்தது. அது சிவப்பாகத் தெரிந்தால் ரத்தமோ என்று சிலர் பதறுகிறார்கள். பூனையின் கண்ணீர் காய்ந்தாலே செம்பழுப்பாக மாறும். ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

இரண்டு துவாரத்திலும் தெளிவான நீர் ஒழுகி, தும்மலும் கண்ணில் நீரும் சேர்ந்து வந்தால் அது பூனைச் சளி. பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ், இல்லையென்றால் காலிசி வைரஸ். வாயில் புண் வந்து எச்சில் வழிந்தால் காலிசியைச் சந்தேகப்படலாம், கண் சிவந்து மூடிக்கொண்டால் ஹெர்பிஸை. வளர்ந்த, தடுப்பூசி போட்ட பூனை என்றால் ஒரு வாரம், பத்து நாளில் தானே சரியாகிவிடும்.

சளியின் நிறத்தைவிட நான் முதலில் கேட்பது "சாப்பிடுதா?" என்றுதான். மூக்கு ஒழுகினாலும் தட்டைக் காலி செய்யும் பூனையை இரண்டு மூன்று நாள் வீட்டில் வைத்துக் கவனிக்கலாம். ஒழுகுவது தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் 24 மணி நேரமாக எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்த 24 மணி நேரம்கூடக் கொடுக்காதீர்கள், அரை நாள் சாப்பிடாவிட்டாலே துவண்டுவிடும்.

சளி கெட்டியா பச்சையா வருது, சாப்பாட்டை மோந்துகூடப் பார்க்கலை. வீட்டுல என்ன செய்யலாம்?

சளி மஞ்சளாகவும் பச்சையாகவும் கெட்டிப்பட்டால், வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியாவும் குடியேறிவிட்டது என்று பொதுவாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பூனையை வீழ்த்துவது பெரும்பாலும் பட்டினி. பூனை வாசனை பார்த்துத்தான் சாப்பிடும். மூக்கு அடைத்துக்கொண்டால் அதற்குத் தட்டில் இருப்பது சாப்பாடு என்றே தெரியாது. குண்டான பூனை மூன்று நான்கு நாள் சாப்பிடாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து கல்லீரலே செயலிழக்க ஆரம்பிக்கும். சளிக்கு வைத்தியம் பார்க்கப் போய்க் காமாலைக்குப் பார்க்க வேண்டிவரும்.

போன மழைக்காலத்தில் ஒரு குட்டி வந்தது, மூன்று மாதம் இருக்கும், பைக் ஸ்டாண்டுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்தது. முதல் நாள் தும்மல் மட்டும். சமையலறைத் தராசில் எடை 910 கிராம். மூன்றாம் நாள் காலையில் இரண்டு துவாரமும் மஞ்சள் சளியால் ஒட்டிப்போய், வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, மீனைத் தட்டில் வைத்தால் திரும்பிப் படுத்துக்கொண்டது. தெர்மாமீட்டர் 103.8, எடை 840. எழுபது கிராம் நமக்கு ஒன்றுமில்லை, அந்தக் குட்டிக்கு அது உடம்பில் பதின்மூன்றில் ஒரு பங்கு. நான் செய்த தப்பு, இரண்டாம் நாளே போகாமல் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருந்தது.

மருத்துவர் தோலுக்கு அடியில் திரவம் ஏற்றினார், டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையைப் பற்றி ஒரு விஷயம் அழுத்தமாகச் சொன்னார், அதை இங்கேயும் சொல்ல வேண்டும். பூனையின் உணவுக்குழாயில் டாக்ஸிசைக்ளின் மாத்திரை ஒட்டிக்கொண்டால் அந்த இடம் வெந்து, பிறகு சுருங்கி, சாப்பாடே இறங்காமல் போகும். அதனால் மாத்திரை கொடுத்த கையோடு ஊசி இல்லாத சிரிஞ்சில் ஐந்தாறு மில்லி தண்ணீரைக் கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், இல்லையென்றால் உடனே கொஞ்சம் சாப்பாடு ஊட்ட வேண்டும். வெறும் மாத்திரையைத் தொண்டையில் தள்ளிவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஆன்டிபயாடிக் எது, எத்தனை நாள், எவ்வளவு என்பதெல்லாம் எடை பார்த்து அவர் சொல்ல வேண்டியது, போன தடவை மிஞ்சியதை எடுத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் நாங்கள் செய்தது இவ்வளவுதான். குளியலறைக் கதவை மூடி வாளியில் வெந்நீர் நிரப்பி, அறை முழுக்க ஆவி வந்ததும் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தேன், காலையும் மாலையும். வாளி குட்டிக்கு எட்டாத தூரத்தில் இருக்கட்டும், தண்ணீரில் எந்தத் தைலமும் போட வேண்டாம். ஆவியில் சளி இளகியதும் நார்மல் சலைனில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். காய்ந்த பொருக்கைப் பிய்த்து எடுக்காமல், ஒரு நிமிடம் பஞ்சை வைத்து ஊறவிட்டால் தானே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மூக்கு திறந்த அந்த ஐந்து நிமிடம்தான் சாப்பாட்டு நேரம். வேகவைத்த மத்தி மீனை முள் எடுத்து மசித்து, வெந்நீர் ஊற்றி, மணம் தூக்கலாக வரும்படி வெதுவெதுப்பாகக் கொடுத்தேன். உப்பு இல்லை, வெங்காயம் பூண்டு அறவே கூடாது, அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.

நான்காம் நாள் விரலில் இருந்ததை நக்கியது. ஐந்தாம் நாள் தட்டில் பாதி. ஆறாம் நாள் எங்கள் பெரிய பூனை தும்ம ஆரம்பித்தது. குட்டியைத் தனி அறையில் வைத்திருந்தேன், ஆனால் என் சட்டையும் கையும் இரண்டு அறைக்கும் போய் வந்தனவே. பெரியவனுக்கு ஊசி போட்டிருந்ததால் நான்கு நாள் தும்மலோடு போயிற்று. பன்னிரண்டாம் நாள் குட்டியின் எடை 960.

பாராசிட்டமால் கொஞ்சமா உடைச்சுக் கொடுக்கலாமா? விக்ஸ் தடவலாமா?

கூடாது. இரண்டும் கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பாராசிட்டமாலை நம் கல்லீரல் எப்படி மாற்றி வெளியேற்றுகிறதோ அந்த வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லை. மருந்து உடம்பில் தங்கி, ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதும், கால் மாத்திரையும் ஆபத்துதான். சில மணி நேரத்திலேயே ஈறு பழுப்பாகவோ நீலமாகவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்துவிட்டிருந்தால் வெட்கப்படாமல் "இத்தனை மணிக்கு இவ்வளவு கொடுத்தேன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். அசிடைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் கொடுத்தால் பலன் உண்டு. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

விக்ஸ், யூக்கலிப்டஸ் தைலம், கற்பூரம் எல்லாம் ஒரே வகையில் சேரும். மூக்கில் தடவினால் பூனை அடுத்த நொடியே நக்கிவிடும், அது வயிற்றுக்குள் போனால் விஷம். மஞ்சள் பத்து போட்டால் விஷமில்லை, ஆனால் காய்ந்து துவாரத்தை அடைக்கும், அடியில் மூக்கு என்ன நிறம் என்றே தெரியாமல் போய்விடும். காய்ந்த மூக்குக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதில் பெரிய தீமை இல்லை, பயனும் இல்லை. சாதாரணமாகக் காயும் மூக்குக்கு எதற்கு எண்ணெய்?

ஒரு பக்கம் மட்டும் ஒழுகுது, சில நேரம் ரத்தமும் வருது.

வைரஸ் சளி பெரும்பாலும் இரண்டு துவாரத்திலும் வரும். ஒரே பக்கம் ஒழுகினால் அந்தப் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். வயதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். இளம் பூனை திடீரென்று விடாமல் தும்மி, முன்னங்காலால் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தால் புல் துண்டு ஏதாவது போயிருக்கலாம். பூனை புல்லைத் தின்றுவிட்டு வாந்தி எடுக்கும்போது, ஒரு இதழ் அண்ணத்துக்குப் பின்னால் ஏறி மூக்கில் மாட்டிக்கொள்வதுண்டு. துவாரத்தில் நுனி தெரிந்தாலும் நீங்கள் இழுக்காதீர்கள், அறுந்தால் உள்ளே நின்றுவிடும். நடுவயதுப் பூனைக்கு வாய் நாறி ஒரு பக்கம் சீழ் வந்தால் மேல் பல்லின் வேர் சீழ் பிடித்திருக்கலாம். பத்து வயதைத் தாண்டிய பூனைக்கு வாரக்கணக்கில் ஒரே பக்கம் ஒழுகி, நடுவே ரத்தமும் வந்து, மூக்குத் தண்டு ஒரு பக்கம் புடைத்துத் தெரிந்தால் கட்டியா என்று பார்த்தே ஆக வேண்டும். புறா எச்சத்தில் வளரும் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சையும் இதே மாதிரி மூக்கைப் புடைக்க வைக்கும். அதற்கு மருந்து உண்டு, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்து எது என்று யாராலும் சொல்ல முடியாது.

பலமாகத் தும்மியதில் சளியோடு ஒரு கீற்று ரத்தம் வருவது வேறு, சொட்டுச் சொட்டாக ரத்தமே வருவது வேறு. இரண்டாவது என்றால் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். மாடியிலிருந்து விழுந்ததா? தெருவில் யாராவது எலி மருந்து வைத்தார்களா? எலி மருந்தில் ஒரு வகை ரத்தத்தை உறைய விடாது. அதைத் தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் அதே கதி வரலாம், இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். அட்டை கிடைத்தால் கையோடு எடுத்துப் போங்கள், எந்த மருந்து என்று தெரிந்தால் மருத்துவருக்கு வேலை பாதியாகும்.

குட்டிக்குப் பால் கொடுத்தா மூக்கு வழியா வருது.

வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். நடுவில் பிளவு இருந்தால் பிறவிக் குறை, குழாய் வழியாகத்தான் ஊட்ட வேண்டிவரும், மருத்துவர் கற்றுக்கொடுப்பார். பிளவு இல்லையென்றால் பெரும்பாலும் ஊட்டும் முறைதான் தப்பு. குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்து ஊட்டுகிறார்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புறப் படுத்த நிலையில், தலை லேசாகத் தூக்கியிருக்க, துளித்துளியாக விடுங்கள். பசும்பாலும் வேண்டாம், கடையில் பூனைக்குட்டிப் பால்பவுடர் கிடைக்கிறது.

ரோஸ் கலர் மூக்கு திடீர்னு வெளுத்துப் போச்சு. சில நேரம் சிவக்குது.

ரோஸ் நிற மூக்கில் தோலுக்கு நிறமி கிடையாது, நீங்கள் பார்ப்பது அடியில் ஓடும் ரத்தத்தை. ஓடி விளையாடினால், கோபம் வந்தால், வெயிலில் இருந்தால் சிவக்கும். தூங்கும்போது, குளிரில், வெளுக்கும். அரை மணியில் திரும்பி வரும் நிற மாற்றம் எதுவும் நோய் இல்லை.

திரும்பி வராமல் வெளுத்தே இருந்தால் ஈறைப் பாருங்கள். மேலுதட்டைத் தூக்கி, ஈறை விரலால் ஒரு நொடி அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மறுபடி ரோஸ் ஆக வேண்டும். ஈறு கறுப்பாக உள்ள பூனைக்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பார்க்கலாம். கறுப்பு மூக்குப் பூனை வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் வழி, அந்த மூக்கு எந்த நிறத்தையும் காட்டாது.

ஈறு காகிதம் போல வெளுத்திருந்தால் ரத்தசோகை. நம் ஊர்க் குட்டிகளுக்கு முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சிதான். நூறு இருநூறு தெள்ளு சேர்ந்தால் ஒரு குட்டியின் ரத்தத்தைக் குடித்துத் தீர்த்துவிடும். ஈரமான வெள்ளைத் துணியில் முடியைச் சீவிப் பாருங்கள், கறுப்புப் பொடி விழுந்து அது துணியில் செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் எச்சம். தெள்ளு மருந்து வாங்கும்போது நாய்க்கானதைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், பல நாய் மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். வளர்ந்த பூனை வெளுத்தால் ரத்தப் பரிசோதனை இல்லாமல் காரணம் தெரியாது.

மஞ்சளானால் காமாலை, அதே நாள் மருத்துவரிடம். நீலமோ சாம்பல் கலந்த ஊதாவோ ஆனால் ஆக்சிஜன் போதவில்லை. நாய் மாதிரி வாயைத் திறந்து மூச்சிரைத்தாலும் அப்படித்தான், அந்த நேரத்தில் தெர்மாமீட்டர், ஈறு, புகைப்படம் எதுவும் வேண்டாம், கசக்கிப் பிடிக்காமல் கூடையில் வைத்து நேராகக் கிளம்புங்கள். அமைதியாகத் தூங்கும் பூனை நிமிடத்துக்கு 30 தடவைக்குக் குறைவாக மூச்சு விடும். நன்றாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை எண்ணி வைத்திருந்தால் ஒப்பிடச் சௌகரியம்.

ஆரஞ்சுப் பூனைக்கு மூக்குல கறுப்புப் புள்ளி வந்திருக்கு. அழுக்கா, புற்றுநோயா?

இரண்டும் இல்லை, தேய்க்காதீர்கள். ஆரஞ்சு, கிரீம், மூவண்ணப் பூனைகளுக்கு ஒரு வயது வாக்கிலிருந்து மூக்கு, உதடு, ஈறு, இமை ஓரத்தில் மச்சம் போலப் புள்ளிகள் வரும். வயதாக ஆகப் பெருகும், ஒன்றோடொன்று சேரும். லென்டிகோ என்று பெயர், தீங்கில்லாதது. தட்டையாக, விரலால் தடவினால் தெரியாதபடி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேடாக எழும்பினாலோ, புண்ணானாலோ, ரத்தம் வந்தாலோ அது மச்சம் இல்லை, காட்டிவிடுங்கள்.

மூக்குல புண் மாதிரி பொருக்கு, ஆறவே மாட்டேங்குது.

எந்த இடத்தில் என்று பாருங்கள், அதிலேயே பாதி தெரியும். மூக்குத் தண்டின் மேலே, முடி குறைவாக உள்ள இடத்தில் சின்னச் சின்னப் புடைப்பும் பொருக்கும், காது நுனியிலும் அதே மாதிரி, மழைக்காலத்தில் அதிகம் என்றால் கொசுக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம். மாலை நேரத்திலிருந்து விடியும்வரை கொசு வராத அறையில் ஒரு வாரம், பத்து நாள் வைத்துப் பாருங்கள், கொசுதான் காரணம் என்றால் புண் வாட ஆரம்பிக்கும். கொசுவிரட்டி களிம்பைப் பூனைக்குப் பூசக் கூடாது.

வெள்ளைப் பூனைக்கு, அல்லது மூக்கு மட்டும் வெள்ளையாக உள்ள பூனைக்கு, ரோஸ் நுனியில் சிவந்து, பொருக்கு தட்டி, விழுந்து, மறுபடி தட்டி, இப்படி இரண்டு மூன்று வாரம் ஓடினால் தள்ளிப்போடாதீர்கள். நிறமி இல்லாத தோலில் வருடக்கணக்கில் வெயில் பட்டு வரும் தோல் புற்றுநோய் இப்படித்தான் ஆரம்பிக்கும், காது நுனியிலும் வரும். "எங்கேயோ சண்டை போட்டு வந்திருக்கு" என்று மாதக்கணக்கில் மஞ்சள் போட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூக்கின் ஓரமே அரித்துப்போன பிறகு கொண்டுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். சண்டைக் கீறல் பத்து நாளில் ஆறிவிடும். ஆறாத புண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சின்னதாக இருக்கும்போது எடுத்துவிட்டால் பூனை பிழைத்துக்கொள்ளும். காலை பத்து மணிக்கு மேல் நாலு மணி வரை வெள்ளைப் பூனையை மொட்டை மாடிக்கு விடாமல் இருப்பதுதான் இருப்பதில் எளிய தடுப்பு.

ஆறாத எந்தப் புண்ணையும் துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள், பூஞ்சைப் புண்களில் சில மனிதருக்கும் தொற்றும்.

பூனைச் சளி எங்களுக்கு ஒட்டுமா? சரியான பிறகும் ஏன் திரும்பத் திரும்ப வருது?

பூனையின் ஹெர்பிஸும் காலிசியும் மனிதருக்கு வராது. மற்ற பூனைக்குத்தான் போகும், அதுவும் உங்கள் கை வழியாகவே. காலிசி காய்ந்த தரையில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், சோப்புத் தண்ணீர் மட்டும் போதாது, ப்ளீச் கலந்த தண்ணீரில் தட்டையும் தரையையும் துடைத்து, நன்றாக அலசிக் காயவிட்ட பிறகுதான் பூனையை விட வேண்டும்.

ஹெர்பிஸ் ஒருமுறை வந்தால் பெரும்பாலும் உடம்பிலேயே தங்கிவிடும். வீடு மாறுவது, புதுப் பூனை வருவது, ஊருக்குப் போகும்போது விடுதியில் விடுவது என்று மனசு கலங்கினால், ஒரு வாரம் போல் கழித்து மறுபடி தும்மலாக எட்டிப் பார்க்கும். தீபாவளி வெடிக்குப் பிந்தைய வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் இதுதான் அதிகம். லைசின் பொடி கொடுத்தால் வராது என்று விற்கிறார்கள், ஆராய்ச்சிகளில் அது பலன் தரவில்லை, காசைச் சேமியுங்கள்.

தடுப்பூசி தொற்றையே முழுதாகத் தடுக்காது, ஆனால் எங்கள் பெரியவனுக்கு ஆனதுபோல் நான்கு நாள் தும்மலோடு நிறுத்தும். எட்டு வார வயதில் ஆரம்பித்து, மூன்று நான்கு வார இடைவெளியில், பதினாறு வாரம்வரை போட வேண்டும். ஒரே ஊசி போட்டுவிட்டு "போட்டாச்சு" என்று நிறுத்திவிடுபவர்கள்தான் அதிகம், குட்டிக்குத் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி அந்த முதல் ஊசியை வேலை செய்ய விடாமல் போகலாம். பழைய தெருக்குட்டியாக இருந்து எந்த ஊசியும் போடாத பூனை என்றால் வயது எதுவானாலும் இப்போது ஆரம்பிக்கலாம், தும்மல் நின்ற பிறகு கூட்டிப்போங்கள்.